"மோட்டார் எடுக்கலை" என்று போன் வந்தால்: ஸ்லைடுகளிலிருந்து கேள்வி வழிகாட்டி தயாரிப்பது எப்படி

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிய வாரங்களில்தான் எங்கள் சேவை மையத்துக்கு அழைப்புகள் குவியும். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேருமுன்பே, போர் வைத்திருப்பவர்கள் குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மோட்டார் ஒரு நாள் நின்றால் நாற்று காயும். நாங்கள் சேவை செய்வது மொபைல் ஸ்டார்ட்டருக்கு. சிம் போட்ட ஒரு பெட்டி மோட்டார் கொட்டகையில் இருக்கும். வீட்டிலிருந்து போன் போட்டால் மோட்டார் ஓடும், மறுபடி போட்டால் நிற்கும்.

தயாரிப்பு நிறுவனத்துப் பொறியாளர்கள் பழுது நீக்கம் பற்றி 31 ஸ்லைடுகள் அனுப்பியிருந்தார்கள். நல்ல ஸ்லைடுகள், தவறு ஒன்றும் இல்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அதைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு முதல் அழைப்பை எடுத்தார். "தம்பி... இல்லம்மா, மோட்டாரு எடுக்க மாட்டேங்குது" என்றார் பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர். ஸ்லைடில் தலைப்புகள் எப்படி இருந்தன தெரியுமா? "குறை மின்னழுத்தம்", "ஒரு ஃபேஸ் இழப்பு", "சிம் பதிவுப் பிழை". "எடுக்க மாட்டேங்குது" என்று ஒரு தலைப்பும் இல்லை. அந்தப் பெண் ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டிருக்க, அவர் "நான் அப்பறம் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டார்.

பொறியாளருக்குக் காரணம் முன்கூட்டியே தெரியும், அதிலிருந்து அறிகுறிக்கு வருகிறார். அழைப்பவரிடம் அறிகுறி மட்டும்தான் இருக்கிறது. வழிகாட்டி தயாரிப்பது என்றால் ஸ்லைடுகளைச் சுருக்கி எழுதுவதல்ல, அவற்றைத் தலைகீழாகத் திருப்புவது. எங்கள் மையத்தில் அதைச் செய்த விதத்தை, புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக, ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஸ்லைடுகளைப் பிரித்துப் போடுங்கள்

எக்செல் தாளில் ஐந்து கட்டங்கள் போதும்: அழைப்பவர் பார்ப்பது அல்லது கேட்பது, காரணம், எப்படி உறுதி செய்வது, தீர்வு, தீர்வைச் செய்ய வேண்டியவர் யார். கூடவே ஓரத்தில் ஸ்லைடு எண். ஒரு ஸ்லைடில் மூன்று காரணம் இருந்தால் மூன்று வரிசையாகப் பிரியுங்கள். எங்களுடைய 31 ஸ்லைடுகள் இப்படிப் பிரித்தபோது ஐம்பது வரிசைக்கு மேல் போயிற்று.

நிரப்பத் தொடங்கியதும் ஒன்று தெரியும். காரணமும் தீர்வும் எல்லா வரிசையிலும் நிறைந்திருக்கும், முதல் கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கும். "மூன்று ஃபேஸிலும் மின்னழுத்தத்தைச் சரிபார்க்கவும்" என்று ஸ்லைடு சொல்கிறது. வரப்பில் நிற்பவரிடம் மீட்டர் கிடையாது. அவர் கண்ணுக்கு என்ன தெரியும், காதுக்கு என்ன கேட்கும் என்று ஸ்லைடு சொல்லாது. அந்தக் கட்டத்தை நீங்களாக யோசித்து நிரப்பாதீர்கள். புகார் நோட்டை எடுத்து, அழைத்தவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். பிறகு களத்துக்குப் போகும் மெக்கானிக்கை ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தப் பழுது இருக்கும்போது கொட்டகைக்குள் போனதும் முதலில் என்ன கண்ணில் படும்?" என்று வரிசை வரிசையாகக் கேளுங்கள். இந்த ஒரு மத்தியானத்துக்கு ஈடாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

ஸ்லைடில் இல்லாத விஷயமும் அந்த உரையாடலில்தான் வெளிவரும். நிறுவனத்தின் ஸ்லைடுகள் எல்லாம் நீர்மூழ்கி மோட்டாரை மனதில் வைத்து எழுதியவை. நம் டெல்டாவில் பில்டர் பாயிண்ட் போட்டு, மோட்டாரைத் தரையிலேயே வைத்து இறைப்பவர்களும் இருக்கிறார்கள். "தண்ணீர் இல்லாமல் ஓடியதால் ஸ்டார்ட்டர் நிறுத்தியது" என்ற வரிசைக்கு ஸ்லைடு தந்த காரணம் நிலத்தடி நீர் இறங்கியது. தரை மோட்டாருக்கோ முதலில் சந்தேகப்பட வேண்டியது, பம்பில் ஊற்றி வைத்த தண்ணீர் வால்வு வழியாக வடிந்து காற்று புகுந்திருப்பதை. ஆகவே "மோட்டார் மேலே இருக்கா, போருக்குள்ளே இருக்கா?" என்ற கேள்வி எங்கள் வழிகாட்டியில் ஏறியது.

நுழைவாசல்களுக்கு அழைப்பவரின் பேச்சையே பெயராக வையுங்கள்

முதல் கட்டம் நிரம்பியதும், ஒரே மாதிரி புகார்களைச் சேர்த்து அடுக்குங்கள். எங்களுக்கு ஐந்து வாசல்கள் கிடைத்தன: "போன் போட்டா எடுக்கலை", "ஓடி ஓடி நின்னுடுது", "தண்ணி கம்மியா வருது", "மெசேஜ் வரலை", "நிறுத்த முடியலை". வழிகாட்டியின் முதல் பக்கத்தில் இந்த ஐந்து வரி மட்டும்தான். ஊழியர் கேட்ட வார்த்தையும் பக்கத்தில் இருக்கும் வார்த்தையும் ஒன்றாக இருந்தால், தேட வேண்டியதில்லை.

ஒரே காரணம் இரண்டு மூன்று வாசல்களில் வரும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் எடுக்காமலும் இருக்கலாம், ஓடிக்கொண்டிருந்தது நிற்கவும் செய்யலாம். திரும்ப எழுதுகிறோமே என்று தயங்காமல் இரண்டு இடத்திலும் எழுதுங்கள். "மேலே பக்கம் 4-ஐப் பார்க்கவும்" என்று அனுப்பினால், போனில் ஆள் காத்திருக்கும்போது ஊழியர் வழி தவறிவிடுவார்.

கேள்விகளின் வரிசை

இதுதான் வேலையின் மையம். ஒரு வாசலுக்குக் கீழே பத்து காரணங்கள் இருக்கும். எதை முதலில் கேட்பது? அடிக்கடி வருவதை முதலில் கேட்கலாம் என்று தோன்றும். அது மட்டும் போதாது. நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது: ஆபத்து உண்டா என்பது எல்லாவற்றுக்கும் முன்னால். அடுத்து, அழைப்பவரைத் தொந்தரவு செய்யாமல் ஊழியரே கண்டுபிடிக்கக்கூடியது. பிறகு அழைப்பவர் நின்ற இடத்திலிருந்தே சொல்லக்கூடியது. கடைசியில்தான் கொட்டகைக்குப் போய்ப் பார்க்க வேண்டியது. பெட்டியைத் திறக்கச் சொல்லும் கேள்வி எங்கள் வழிகாட்டியில் ஒன்றுகூடக் கிடையாது. ஈரத்தரையில் செருப்பில்லாமல் நிற்கும் ஒருவரை, போனில் பேசிக்கொண்டே மும்முனை மின்சாரப் பெட்டியில் கைவைக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

"போன் போட்டா எடுக்கலை" என்ற வாசல் எங்கள் வழிகாட்டியில் இப்படி இருக்கிறது:

கேள்வி 1: "ஐயா, கொட்டகைல கருகின வாசனை, புகை, பெட்டியத் தொட்டா ஷாக் அடிக்கிறது, இப்படி ஏதாவது உண்டா?"
உண்டு என்றால்: யாரும் கிட்டே போக வேண்டாம் என்று சொல்லவும். போனில் மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். மெக்கானிக்குக்கு அவசரப் புகார். மேலே கேள்வி இல்லை.
இல்லை அல்லது தெரியவில்லை என்றால்: கேள்வி 2. "தெரியவில்லை" என்றால், கொட்டகைக்குப் போனதும் இதையே மறுபடி கேட்கவும்.

கேள்வி 2 (ஊழியரே செய்வது): மையத்துப் போனிலிருந்து பெட்டியின் சிம் எண்ணுக்கு அழைக்கவும்.
ரிங் போகிறது, அல்லது ரிங் போய்த் துண்டிக்கிறது: பெட்டிக்கு உயிர் இருக்கிறது. கேள்வி 3.
"ஸ்விட்ச் ஆஃப்" அல்லது "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று குரல் வருகிறது: பெட்டிக்கு மின்சாரம் இல்லை, அல்லது சிக்னல் இல்லை. கேள்வி 4.
"சேவையில் இல்லை" என்று குரல் வருகிறது: சிம் ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம். ரீசார்ஜ் செய்யச் சொல்லி, செய்தபின் கேள்வி 2-ஐத் திரும்பச் செய்யவும்.

கேள்வி 3: "ஐயா, எந்த நம்பர்லேருந்து போட்டுப் பாத்தீங்க? எப்பவும் போடுற நம்பர்தானா?"
புது நம்பர்: பெட்டியில் பதிவில்லை. பதிவு செய்யும் முறையைச் சொல்லவும்.
பழைய நம்பர்தான்: கேள்வி 4.

கேள்வி 4: "கொட்டகைக்குப் போனதும் சொல்லுங்க ஐயா. பெட்டி மேல மூணு விளக்கு இருக்குமே, மூணும் ஒரே வெளிச்சமா எரியுதா?"

இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். ஸ்லைடுகளில் மின்சாரம், சிக்னல், சிம், பதிவு என்று நான்கு தனித்தனி ஸ்லைடுகளாக இருந்ததை அந்த ஒரு அழைப்பு ஓரிரு நிமிடத்தில் பிரித்துவிடுகிறது. அழைப்பவர் கட்டிலை விட்டுக்கூட எழுந்திருக்க வேண்டாம். இப்படிப் பல காரணங்களை ஒரே வீச்சில் பிரிக்கும் கேள்வியைத் தேடுங்கள். கிடைத்தால் அதை மேலே ஏற்றுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. மையத்து எண் அந்தப் பெட்டியில் பதிவாகியிருந்தால், நாம் சோதிக்கப் போட்ட அழைப்பிலேயே மோட்டார் ஓடத் தொடங்கலாம். பம்பைக் கழற்றி வைத்து ஒருவர் கைவைத்திருக்கும் நேரமாக அது இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு நடுங்கும். ஆகவே சோதனைக்கென்று எந்தப் பெட்டியிலும் பதியாத ஒரு எண்ணைத் தனியாக வைத்திருக்கிறோம். அதோடு "கொட்டகைல இப்ப யாராவது வேலை செய்றாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அழைக்க வேண்டும் என்று கேள்வி 2-க்கு மேலே சிவப்பில் எழுதியிருக்கிறோம்.

ஒரு கேள்வி தவறாக இருந்த கதை

கேள்வி 4 முதலில் இப்படி இல்லை. "மூணு விளக்கும் எரியுதா?" என்றுதான் எழுதியிருந்தேன். எரிகிறது என்றால் மின்சாரம் சரி, பெட்டியில்தான் கோளாறு என்று கிளை போயிற்று. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். மூன்றும் எரிகிறது என்றார். மெக்கானிக்கை அனுப்பினோம். அவர் போய் மீட்டர் வைத்துப் பார்த்தால், பெட்டியில் ஒரு குறையும் இல்லை. வந்த மின்சாரமே சரியில்லை. பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது: மோட்டார் கருகிவிடாமல் காப்பாற்ற, ஓட விடாமல் தடுத்திருந்தது.

ஏன் மூன்று விளக்கும் எரிந்தன? ஊர் டிரான்ஸ்பார்மருக்கு வரும் 11 கிலோவோல்ட் லைனில் ஒரு ஃபேஸ் விட்டுப்போனால், டிரான்ஸ்பார்மரின் சுற்று அமைப்பால், இந்தப் பக்கம் ஒரு ஃபேஸ் முழு அழுத்தத்திலும் மற்ற இரண்டும் ஏறத்தாழப் பாதி அழுத்தத்திலும் வரும். 240 வோல்ட் வர வேண்டிய இரண்டு கம்பிகளில் 120 சுமாருக்குத்தான் இருக்கும். விளக்கு எரியத்தான் செய்யும், மங்கலாக. கேட்ட கேள்விக்கு அவர் உண்மையான பதிலைத்தான் சொன்னார். கேள்விதான் பிசகு. மாறாக, டிரான்ஸ்பார்மரில் நம் பக்கத்து ஃபியூஸ் ஒன்று போயிருந்தால், ஒரு விளக்கு அணைந்திருக்கும், மற்ற இரண்டும் நன்றாக எரியும். "எரியுதா" என்ற கேள்வி ஃபியூஸ் போனதை மட்டும்தான் பிடிக்கும், லைனில் ஃபேஸ் போனதைப் பிடிக்காது. "ஒரே வெளிச்சமா" என்று கேட்டால்தான் இரண்டும் பிடிபடும்.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. சில எல்.இ.டி. விளக்குகள் பாதி அழுத்தத்திலும் பிரகாசமாகவே தெரியும். அதனால் பெட்டியில் எண் காட்டும் திரை இருந்தால், விளக்கை விட்டுவிட்டு எண்ணைப் படிக்கச் சொல்கிறோம். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே மூன்றும் 415-ஐ ஒட்டி இருந்தால் சரி. மேலே சொன்ன நிலையில் இரண்டு எண் 360 அளவிலும் மூன்றாவது மிகக் குறைவாகவும் நிற்கும்; ஊரில் ஓடும் சுமையைப் பொறுத்து இது கொஞ்சம் ஏறி இறங்கும்.

விளக்கில் வித்தியாசம் இருக்கிறது என்று தெரிந்ததும் வரும் அடுத்த கேள்வியை எங்கள் மெக்கானிக் சொல்லித்தந்தார். "அதே டிரான்ஸ்பார்மர்ல பக்கத்து வயக்காரர் மோட்டார் ஓடுதா ஐயா?" மீட்டர் செய்ய வேண்டிய வேலையை இந்தக் கேள்வி செய்துவிடுகிறது. பக்கத்து மோட்டாரும் ஓடவில்லை என்றால் கோளாறு லைனில். இப்போது த்ரீ ஃபேஸ் நேரம்தானா என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் சொல்லச் சொல்கிறோம். பக்கத்து மோட்டார் ஓடுகிறது என்றால், கம்பத்திலிருந்து இவர் கொட்டகைக்குள் வரும் வழியில்தான் எங்கோ விட்டிருக்கிறது. பெரும்பாலும் இவருடைய ஃபியூஸ் அல்லது தளர்ந்த இணைப்பு. அது எலெக்ட்ரீஷியன் வேலை. இரண்டிலுமே நம் மெக்கானிக் வண்டி எடுக்க வேண்டியதில்லை.

பதில் சொல்ல மனம் வராத கேள்விகள்

டூ ஃபேஸ் மின்சாரத்தில் கன்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி ஓட்டினால் ஸ்டார்ட்டரின் பாதுகாப்பு தடுக்கத்தான் செய்யும். "கன்டென்சர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் இல்லையே" என்றுதான் பதில் வரும். ஏனென்றால் அது கூடாதென்று அவருக்குத் தெரியும், கேட்பவர் யாரென்று தெரியாது. இப்போது நாங்கள் கேட்பது: "ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துல வேற ஏதாவது பெட்டி மாட்டியிருக்கா ஐயா, அது என்ன கலரு?" கண்ணில் படுவதைக் கேட்டால் குற்றம் சாட்டுவது போல் இருக்காது, பதிலும் வந்துவிடும்.

அதே மாதிரிதான் "மோட்டாரை மாத்தினீங்களா?" என்ற கேள்வியும். 5 ஹெச்.பி. இருந்த இடத்தில் 7.5 போட்டிருந்தால், பழைய மோட்டாரின் மின்னோட்டத்துக்கு வைத்த அளவில் ஸ்டார்ட்டர் ஓடவிடாது. 5 ஹெச்.பி. மோட்டார் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் இழுக்கும், 7.5 ஹெச்.பி. 11 சுமார் இழுக்கும். ஆனால் "மாத்தலை" என்பவர், காயில் கட்டி மறுபடி இறக்கியிருப்பார். அவர் கணக்கில் அது மாற்றுவது ஆகாது. ஆகவே "இந்த ரெண்டு மாசத்துல மோட்டாரை மேல எடுத்தீங்களா, காயில் கட்டினீங்களா?" என்று எழுதினோம்.

மற்ற வாசல்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, முறை ஒன்றுதான். "ஓடி ஓடி நின்னுடுது" என்பதில் மட்டும் ஒரு கேள்வி சொல்லத் தகும்: "நிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி ஒரே சீரா வந்துச்சா, காத்தோட விட்டு விட்டு வந்துச்சா?" காற்றோடு வந்திருந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறைக் கிளை, கடைசி வரை சீராக வந்து பட்டென்று நின்றிருந்தால் மின்சாரம் அல்லது அதிகச் சுமை பக்கம் போக வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் எங்கே முடிகிறது

கிளையின் நுனியில் தீர்வை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் ஆகும். தீர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதையும் எழுதுங்கள். "ரீசார்ஜ் செய்யச் சொல்லவும்" என்பதோடு நிறுத்தாமல், "செய்த பின் நாமே அழைத்து ரிங் போகிறதா பார்க்கவும், பிறகு அவரை அவர் போனிலிருந்து ஓட்டச் சொல்லி, தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று கேட்கவும்" என்பது வரை எழுதுங்கள். மோட்டார் ஓடியதும் போனை வைத்துவிடாதீர்கள். டிரான்ஸ்பார்மரிலோ லைனிலோ வேலை நடந்து இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால், அதைக் கண்டுபிடிக்காத பெட்டியாக இருந்தால், மோட்டார் ஓடும், ஆனால் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் இருக்கும், தண்ணீர் வழக்கமாக வரும் அளவுக்கு வராது.

எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்தும் காரணம் பிடிபடாத அழைப்புகள் இருக்கும். அங்கே ஊழியர் ஊகித்துச் சொல்லத் தொடங்கினால் ஆபத்து. அந்த நுனியில் "மெக்கானிக்குக்கு மாற்றவும்" என்று எழுதி, அதன் கீழே அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் குறியுங்கள்: எந்தக் கேள்வி வரை வந்தோம், விளக்குகளின் நிலை, திரையில் படித்த எண்கள், மோட்டார் எத்தனை ஹெச்.பி., தரையிலா போரிலா, பக்கத்து மோட்டார் ஓடுகிறதா. இது கையில் இருந்தால் அவர் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று தெரிந்து கிளம்புவார்.

சோதித்துப் பாருங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும்

முதல் சோதனை மேசையில். எக்செல்லில் உள்ள ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, அந்தக் கோளாறு இருக்கும் விவசாயி என்ன பதில் சொல்வார் என்று கேள்விகளின் வழியே நடந்து பாருங்கள். சரியான நுனிக்கு வந்து சேர வேண்டும். எங்களுக்கு நான்கு காரணங்கள் எந்தக் கேள்வி வழியாகவும் எட்ட முடியாமல் தனியாக நின்றன. அவற்றில் ஒன்று, பெட்டியின் ஆண்டெனாவை எலி கடித்திருப்பது. "ஸ்விட்ச் ஆஃப்" என்று குரல் வந்து, விளக்கெல்லாம் சரியாக எரியும்போது எங்கே போவது என்று நாங்கள் எழுதவே இல்லை. "கொட்டகைக்குள்ள நிக்கையில உங்க போன்ல சிக்னல் எத்தனை கட்டை ஐயா?" என்று ஒரு கேள்வி சேர்த்தோம். பெட்டியில் உள்ள அதே நிறுவனத்தின் சிம் அவர் போனிலும் இருந்தால்தான் இந்தப் பதிலை நம்பலாம் என்பதையும் பக்கத்தில் எழுதினோம்.

இரண்டாவது சோதனை ஆளை வைத்து. ஸ்லைடுகளைப் பார்க்காத ஒருவரிடம் வழிகாட்டியைக் கொடுங்கள். மெக்கானிக் அடுத்த அறையிலிருந்து, தான் நேரில் பார்த்த ஒரு பழுதை மனதில் வைத்து, விவசாயியாகப் பேசட்டும். நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. வாசிப்பவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ, எந்தக் கேள்வியைத் தன் வார்த்தையில் மாற்றிக் கேட்கிறாரோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கேட்ட வாக்கியம் பெரும்பாலும் நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கும், அதையே எழுதிவிடுங்கள்.

நிறுவனம் புதிய ஸ்லைடுகளை அனுப்பும்போது ஓரத்தில் குறித்த ஸ்லைடு எண் கைகொடுக்கும். மாறிய ஸ்லைடிலிருந்து பிறந்த வரிசைகளை மட்டும் எடுத்துத் திருத்தினால் போதும். நாங்கள் அந்தத் திருத்தத்தை மே மாதக் கடைசியில் முடித்து, பழைய அச்சுப் பிரதிகளை மேசைகளிலிருந்து எடுத்துவிடுகிறோம். ஜூன் முதல் வாரம் வந்துவிட்டால் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.